படத்தில் உள்ள சேலையின் ஊர்: ஆரணிப் பட்டொன்றின் நெசவு, சாயம், உரு ஆகியவை தரும் சான்றுகள்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு துணியின் ஒளிப்படத்தை மட்டும் வைத்து அது நெய்யப்பட்ட ஊரை எந்த அளவுக்குச் சொல்ல முடியும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆரணியைச் சேர்ந்த ஒரு நெசவாளர் குடும்பத்தினர் காட்டிய பட்டுச் சேலைப் படங்கள் ஆய்வுப் பொருளாகக் கொள்ளப்படுகின்றன. உருக்கள் ஊரைச் சுட்டுவதில் மிக வலுக்குறைந்த சான்று என்பதும், நிறம் படமெடுத்த முறையையும் சார்ந்தது என்பதும், இழைப் பிணைப்பு நெசவு முறையைத் தெளிவாகக் காட்டினாலும் ஊரைக் காட்டுவதில்லை என்பதும், நெசவில் திரும்பத் திரும்ப வரும் பிழையே குறிப்பிட்ட தறிவரை நம்மைக் கொண்டுசெல்கிறது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஆரணிப் பட்டு, கோர்வை, பிட்னி, ஜக்கார்டு, ஒளிப்படச் சான்று, நெசவுப் பிழை.

முன்னுரை

ஆரணியில் மூன்று தலைமுறையாகப் பட்டு நெய்துவந்த ஒரு குடும்பத்தினர் நான்கு படங்களைக் காட்டினர். அவை அனைத்தும் ஒரே சேலையின் படங்கள். சேலை அவர்கள் கையில் இல்லை. அது ஒரு விற்பனைப் பட்டியலில் இடம்பெற்றிருந்தது. பட்டியல் அதனைக் ‘காஞ்சிபுரம், 19ஆம் நூற்றாண்டு, தாவரச் சாயம்’ என்று அறிமுகப்படுத்தியிருந்தது. குடும்பத்தினரோ, ‘இது எங்கள் பாட்டனார் இந்த வீட்டுத் தறியில் நெய்தது, அந்த அன்னப்பட்சியைப் பார்த்தாலே தெரியும்’ என்றனர். படங்களை வைத்துக்கொண்டு இவ்விரு கூற்றுகளில் எது சரி என்று சொல்ல இயலுமா என்பதே அவர்கள் எழுப்பிய வினா.

துணியைக் கையில் எடுத்துப் பார்க்கும் ஆய்வாளருக்கு எடை, தொடுவுணர்வு, இழையின் முறுக்கு, மறுபக்கம் எனப் பல சான்றுகள் கிடைக்கின்றன. படத்தை மட்டும் பார்ப்பவருக்கு அவற்றுள் சிலவே எஞ்சுகின்றன. எஞ்சும் சான்றுகள் அனைத்தும் ஒரே வலுவுடையவை அல்ல. கண்ணை முதலில் கவர்வது உரு, அடுத்து நிறம், இழைகளின் பிணைப்பு இறுதியாகவே கண்ணில் படுகிறது. ஊரைத் தீர்மானிப்பதில் இவற்றின் வலுவோ இதற்கு நேர்மாறான வரிசையில் அமைகிறது.

ஆரணி என்னும் பெயர்

சேலையைப் பார்ப்பதற்கு முன் ஊர்ப்பெயரைப் பற்றி ஒரு செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கமண்டல நாக நதிக்கரையில் அமைந்த ஆரணி, மராத்திய ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்த ஊர். பழைய வடஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இது, 1989இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது திருவண்ணாமலைப் பகுதியுடன் சேர்ந்தது. இன்று ஆரணி என்றவுடன் பட்டு நினைவுக்கு வருகிறது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் இந்தியத் துணிகளைப் பற்றி எழுதிய ஆங்கிலேயர்கள் ஆரணியைப் பட்டுக்காக அல்ல, மெல்லிய பருத்தி மஸ்லினுக்காகவே குறிப்பிட்டனர். ஆகவே ஒரு பழைய துணியின் படத்திற்குக் கீழோ ஒரு பழைய அட்டையின் பின்புறமோ ‘ஆரணி’ என்று எழுதப்பட்டிருந்தால், அது பட்டைத்தான் குறிக்கிறது என்று கொள்வது பிழையாகிவிடலாம். ஊர்ப்பெயர் ஒன்றாகவே இருக்க, அது சுட்டும் துணி காலத்திற்கேற்ப மாறியிருக்கிறது.

துணிக்கும் படத்துக்கும் உள்ள வேறுபாட்டை அக்காலத்திலேயே உணர்ந்து செயல்பட்டவர் ஜான் போர்ப்ஸ் வாட்சன். இந்திய மக்களின் ஒளிப்படங்களை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட பணியில் ஜான் வில்லியம் கேயுடன் பதிப்பாசிரியராக இருந்தவர் இவர். இந்தியத் துணிகளைப் பற்றி 1866இல் வெளியிட்டபோது அவர் ஒளிப்படத்தை நாடவில்லை. 700 துணிகளை வெட்டி, அத்துண்டுகளையே 18 தொகுதிகளில் ஒட்டி, இருபது படிகள் உருவாக்கினார். மனிதருக்குப் படம், துணிக்குத் துணியே என்பது அவருடைய நடைமுறையாக அமைந்தது. பிரித்தானிய உற்பத்தியாளர்கள் இந்தியத் துணியைப் பார்த்து அதுபோல் நெய்து இங்கே விற்க வேண்டும் என்பது அம்முயற்சியின் வணிக நோக்கம். அதற்குப் படம் போதாது. இழையை எண்ணிப் பார்க்க வேண்டும். இன்று அத்தொகுதிகளையே பலரும் கணினித் திரையில் படங்களாகப் பார்க்கின்றனர். அவர் தவிர்த்த குறை வேறு வழியாகத் திரும்பி வந்துவிட்டது.

உருக்கள்: பயணம் செய்யும் சான்று

விற்பனைப் பட்டியல் சேலையைக் காஞ்சிபுரத்துடன் இணைப்பதற்கும், குடும்பத்தினர் அதனைத் தங்கள் வீட்டுடன் இணைப்பதற்கும் காட்டிய முதற்சான்று உருதான். சேலையின் கரையில் அன்னப்பட்சி வரிசையும் அதன் இருபுறமும் ருத்திராட்ச வரிசையும் உள்ளன. கரை உடலைத் தொடும் இடத்தில் கோபுரம் எனப்படும் முக்கோணப் பற்கள் அமைந்துள்ளன. முந்தியில் மாங்காயும் தாழம்பூ ரேகும் காணப்படுகின்றன.

இவை அனைத்தும் காஞ்சிபுரத்திற்கு உரியவை என்று பொதுவாக எழுதப்படுகின்றன. ஆனால் இதே உருக்களை ஆரணியிலும் திருபுவனத்திலும், ஆந்திரத்தின் தர்மாவரத்திலும் நெய்த சேலைகளில் காணலாம். இதற்குக் காரணம் தொழில்நுட்பத்திலேயே உள்ளது. ஜக்கார்டு தறியில் உரு நெசவாளரின் கையில் இல்லை. துளையிட்ட அட்டைகளில் இருக்கிறது. முதலில் கட்டத்தாளில் உரு வரையப்படுகிறது. கட்டத்தாளின் ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அட்டை துளையிடப்படுகிறது. அட்டைகள் வரிசையாகக் கோக்கப்பட்டுத் தறியின் மேல் ஏற்றப்படுகின்றன. ஒரு கோவை அட்டையைப் பேருந்தில் வைத்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காஞ்சிபுரத்திலிருந்து ஆரணிக்குக் கொண்டுவந்துவிடலாம். அதைப் பார்த்து இன்னொரு கோவையும் அடித்துக்கொள்ளலாம். உரு இவ்வாறு எளிதில் இடம்பெயரக் கூடியதாகையால், அது எங்கே விரும்பப்பட்டது என்பதைச் சொல்லுமே தவிர எங்கே நெய்யப்பட்டது என்பதைச் சொல்லாது.

மூலப்பொருள்களும் இந்த வகையில் உதவுவதில்லை. தமிழ்நாட்டுப் பட்டு நெசவூர்களுக்குக் கச்சாப் பட்டு பெருமளவில் கர்நாடகப் பகுதியிலிருந்தும், சரிகை பெருமளவில் சூரத்திலிருந்தும் வந்துள்ளன. ஒரே வணிகரிடம் பட்டும் சரிகையும் வாங்கும் இரண்டு ஊர்களின் துணிகளைப் பொருளைக்கொண்டு பிரித்தறிய முடியாது.

உருவிலிருந்து கிடைக்கும் பயனுள்ள செய்தி வேறொன்று உண்டு. அன்னத்தின் கழுத்து வளைவைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது சிறு சிறு படிகளால் ஆனது என்பது தெரியும். இப்படிகள் நுண்ணியவையாகவும், ஒவ்வோர் அன்னமும் படிக்குப்படி மற்றொன்றை ஒத்ததாகவும் உள்ளன. கரையில் பல வரிசைகளாக விரியும் உரு நீண்ட இடைவெளிக்குப் பிறகே மீண்டும் தொடங்குகிறது. இத்தகைய நீண்ட மீளமைவு, நூல்களை முடிச்சிட்டு உருவை ஆக்கும் பழைய அடை முறையைவிட ஜக்கார்டு முறைக்கே பொருந்துகிறது. இப்பகுதிக் கைத்தறிகளில் ஜக்கார்டு பரவியது 20ஆம் நூற்றாண்டில். எனவே பட்டியல் கூறும் ‘19ஆம் நூற்றாண்டு’ இந்த இடத்திலேயே ஐயத்துக்கு உரியதாகிறது.

நிறம்: இருமுறை மாறிய சான்று

சேலையின் உடல் அரக்கு நிறம். கரை மாம்பழ மஞ்சள். முந்தியில் ஒரு மெல்லிய பட்டை கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம். பட்டியலின் ‘தாவரச் சாயம்’ என்னும் குறிப்பு அரக்கு நிறத்தை நம்பி எழுதப்பட்டதாகவே தோன்றுகிறது.

அரக்கு என்னும் நிறப்பெயர் அரக்குப் பூச்சியின் பிசினிலிருந்து எடுக்கப்பட்ட சிவப்புச் சாயத்தின் பெயர். பட்டுக்குச் சிவப்பேற்றுவதற்கு அது நெடுங்காலம் பயன்பட்டது. பின்னர்ச் செயற்கைச் சாயங்கள் வந்தபோது சாயம் மாறியது, பெயர் மாறவில்லை. இன்று அரக்குப் பட்டு என்று வாங்கப்படும் சேலையில் அரக்கு இருப்பதில்லை. நிறத்தின் பெயரைக்கொண்டு சாயத்தைச் சொல்வது சொல்லாய்வாகுமே தவிர துணியாய்வாகாது. மேலும் அரக்கு பூச்சியிலிருந்து கிடைப்பது; பட்டியல் அதனைத் தாவரச் சாயம் எனக் கருதியிருந்தால் அதுவும் பிழையே.

முந்தியிலுள்ள ஊதாச் சிவப்புப் பட்டை இதைவிடப் பயனுள்ளது. இந்நிறத்தை எளிதாகவும் பளிச்சென்றும் தந்த முதற்செயற்கைச் சாயங்கள் 1856க்குப் பின் தோன்றியவை. பெர்கின் கண்டுபிடித்த மாவ் 1856இலும், மஜந்தா 1859இலும் வந்தன. பட்டை உண்மையிலேயே அந்நிறம் உடையதாயின், துணி அதற்கு முற்பட்டதாக இருப்பது அரிது. ஆனால் ‘உண்மையிலேயே அந்நிறம் உடையதாயின்’ என்னும் கட்டுப்பாட்டைக் கவனிக்க வேண்டும். படத்தில் காணும் நிறம் துணியின் நிறமும் விளக்கின் நிறமும் கருவியின் தீர்ப்பும் கலந்த ஒன்று. இப்படங்களில் சேலைக்கு அடியில் விரித்த வெள்ளைத் துணி மஞ்சளாகத் தெரிகிறது. அவ்வெள்ளையை வெள்ளையாக்கித் திருத்தியபோது மாம்பழ மஞ்சள் சற்று வெளிறியது. ஊதாச் சிவப்பு மேலும் ஊதாவாகியது. படத்தில் வெள்ளைத் துணி இல்லாதிருந்தால் இத்திருத்தம் செய்திருக்க இயலாது.

மயில்கழுத்து போன்ற நிறங்களில் சிக்கல் இன்னும் கூடுதல். அங்குப் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். பார்க்கும் கோணம் மாறும்போது நிறமும் மாறும். ஒரே கோணத்தில் எடுத்த படம் அவ்விரு நிறங்களில் ஒன்றையே பதிவு செய்து, மற்றதை மறைத்துவிடும்.

குடும்பத்தினர் காட்டிய நான்காவது படம் ஒரு பழைய கறுப்பு வெள்ளை நிழற்படம். மணமகள் ஒருத்தி அச்சேலையை உடுத்தி நிற்கிறாள் என்றனர். அதில் சேலை முழுதும் கறுப்பாகத் தெரிவதால், ‘இது வேறு சேலை, இதில் மஞ்சள் கரையே இல்லை’ என்று ஒருவர் மறுக்கக்கூடும். பழைய ஒளிப்படத் தகடுகள் எல்லா நிறங்களையும் ஒரே அளவில் உணர்ந்தவை அல்ல. 1851இல் அறிமுகமான கொலோடியன் தகடு நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே நன்கு உணர்ந்தது. 1873இல் ஃபோகல் கண்ட வழியால் பச்சையும் மஞ்சளும் ஓரளவு பதிவாயின. சிவப்பையும் உணரும் தகடு வணிகத்திற்கு வந்தது 1906இல். அதற்குப் பிறகும் பழைய வகைத் தகடுகள் விலைகுறைவினால் நெடுங்காலம் பயன்பட்டன. ஆகவே பழைய நிழற்படத்தில் அரக்கு கறுப்பாகும்; மஞ்சளும் கருமை கொள்ளும்; அடர்நீலமோ வெளுத்துத் தெரியும். நீல உடலும் சிவப்புக் கரையும் உடைய சேலை, வெளிறிய உடலும் கறுத்த கரையும் உடையதாகப் பதிவாகும். இச்செய்தியை அறியாமல் கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து நிறத்தை ஊகித்தால், பெரும்பாலும் தலைகீழான முடிவே கிடைக்கும்.

இந்த நான்காவது படம் மஞ்சள் கரையை மறுக்கவில்லை. உறுதி செய்யவும் இல்லை. நிறத்தைப் பொறுத்தவரை அதற்குச் சான்றுமதிப்பு இல்லை என்பதே சரியான முடிவு. சாயத்தை உறுதி செய்ய விரும்பினால், சில மில்லிமீட்டர் நீளமுள்ள இழையை எடுத்து வேதியியல் முறையில் பகுத்துப் பார்க்க வேண்டும். அரக்கிலும் இறக்குமதியான கோச்சினீல் பூச்சியிலும் உள்ள நிறப்பொருள்கள் வெவ்வேறானவையாதலால் அவை அப்போது பிரிந்து தெரியும். படத்திலிருந்து அதைச் செய்ய இயலாது.

பிணைப்பு: பொய் சொல்லாத சான்று

இனிப் பிணைப்பைக் காண்போம். கரையும் உடலும் வெவ்வேறு நிறமாக உள்ள சேலையை இருவழிகளில் நெய்யலாம். முதல் வழியில், கரைக்கான பாவு வேறு நிறமாக இருக்கும். ஊடை மட்டும் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை ஒரே நாடாவில் ஓடும். இதில் மஞ்சள் பாவும் அரக்கு ஊடையும் கரையில் கலப்பதால் கரை தூய மஞ்சளாக இராது. செங்கல் நிறச் சாயல் பெறும். இரண்டாவது வழி கோர்வை. அதில் மூன்று நாடாக்கள் உண்டு. உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் தனித்தனியே ஒவ்வொன்று. உடலின் ஊடை கரை தொடங்கும் இடத்தில் கரையின் ஊடையோடு கோத்துக்கொண்டு திரும்பிவிடுகிறது. அரக்கு இழை கரைக்குள் நுழைவதே இல்லை. அதனால் கரை தன் முழு நிறத்துடன் விளங்குகிறது. இதற்காகவே கோர்வைத் தறியில் நெசவாளருக்கு அருகில் கரை நாடாவை எறிய ஒரு துணையாள் தேவைப்பட்டார்.

இதனால் படத்தில் முதலில் பார்க்க வேண்டியது கரையின் உரு அன்று. உரு இல்லாத வெறும் கரைத்தளம். நம் படங்களில் அத்தளம் தூய மஞ்சளாக உள்ளது. வெள்ளைத் திருத்தத்துக்குப் பின்னும் அதில் செங்கல் சாயல் இல்லை. கருவியின் நிறத்தீர்ப்பு இங்குப் பெரிதாகக் குறுக்கிடுவதும் இல்லை. முந்தியிலுள்ள மற்றொரு மஞ்சள் பகுதியோடு கரைத்தளம் ஒத்திருக்கிறதா என்று ஒரே படத்துக்குள் ஒப்பிடுவதே போதும். அது ஒத்திருக்கிறது.

அடுத்தது கோபுரப் பற்கள். கோர்வையில் இப்பற்கள் ஊடைகள் திரும்பும் இடத்தைப் படிப்படியாக நகர்த்துவதால் உண்டாகின்றன. ஆனால் கோர்வை இல்லாமலே பற்களைப் போலத் தோன்றும் உருவைக் கூடுதல் இழையால் நெய்துவிடலாம். முன்பக்கப் படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பின்பக்கப் படமே வேறுபாட்டைக் காட்டும். கோர்வையில் பின்பக்கத்தில் பற்களின் விளிம்போரமாக இழைகள் கோத்துத் திரும்பும் தடம் தெரியும். கரைக்கு அடியில் உடலின் இழை இராது. மூன்றாவது படம் பின்பக்கத்தைக் காட்டுவது நல்வாய்ப்பு. அதில் கோத்த தடம் தெளிவாக உள்ளது.

அதே படத்தில் முந்தி தொடங்கும் இடமும் தெரிகிறது. அங்கு அகலம் முழுதும் ஒரு சிறு பட்டை சற்றுத் தடித்தும் நிழலோடியும் காணப்படுகிறது. அதன் ஓரத்தில் வெட்டிய இழைநுனிகள் வரிசையாக நிற்கின்றன. இது பிட்னி. உடலின் பாவு அரக்காக இருக்க, முந்தி வேறு நிறம் பெற வேண்டுமானால் பாவையே மாற்ற வேண்டும். முந்திக்கான புதிய பாவிழைகள் ஒவ்வொன்றையும் பழைய பாவிழைகளில் வளைத்து மாட்டி, இரண்டையும் சேர்த்துச் சிறிது தூரம் நெய்து, பின்னர்ப் பழைய இழைகளை வெட்டிவிடுவர். இரட்டிப்பான இழைகளே அந்தத் தடிப்பு.

இழைகளை எண்ண முற்பட்டபோது ஓர் எச்சரிக்கை தேவைப்பட்டது. முழுச் சேலையைக் காட்டும் முதற்படத்தில் உடல்பகுதி முழுதும் அலையலையான கோடுகள் தெரிந்தன. குடும்பத்தில் ஒருவர் அதனை ஒரு நெசவு உரு என்றே எண்ணியிருந்தார். அது துணியில் இல்லை. ஏறத்தாழ 120 சென்டிமீட்டர் அகலத்தை 4000 படப்புள்ளிகளில் அடக்கினால் ஒரு சென்டிமீட்டருக்கு 33 புள்ளிகளே கிடைக்கும். அங்கு 40 இழைகள் இருந்தால் ஓர் இழைக்கு ஒரு புள்ளிகூட இல்லை. இழைவரிசையும் புள்ளிவரிசையும் ஒன்றையொன்று வெட்டுவதால் இல்லாத அலை தோன்றுகிறது. அருகிலிருந்து 8 சென்டிமீட்டர் அகலத்தை மட்டும் எடுத்தால் அதே கருவியில் ஓர் இழைக்குப் பன்னிரண்டு புள்ளிகள் கிடைக்கும். அப்போது அலை மறைந்து இழை தெரியும். படத்தைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்க்கும்போது வடிவம் மாறினால் அது துணிக்கு உரியதன்று.

கோர்வையும் பிட்னியும் சேர்ந்து காணப்படுவது காஞ்சிபுர மரபின் அடையாளமாகக் கருதப்படுகிறது. ஆரணிப் பட்டோ எடைகுறைந்ததாகவும் விலைகுறைந்ததாகவும் அறியப்பட்டது. ஆகவே பிணைப்பின் சான்று பட்டியலின் பக்கமே சாய்வதுபோலத் தோன்றுகிறது. ஆனால் பிணைப்பு காட்டுவது முறையை, ஊரை அன்று. காஞ்சிபுர வணிகரின் பாவையும் சரிகையையும் பெற்றுக் கூலிக்கு நெய்துதரும் நெசவாளர் ஆரணியிலும் அதன் சுற்றூர்களிலும் உள்ளனர். அவர்கள் வணிகர் கேட்ட முறையிலேயே நெய்கின்றனர். கோர்வை கேட்டால் கோர்வை.

பிழை: தறியின் கையெழுத்து

இந்நிலையில் குடும்பத்தினர் சொன்ன ‘அன்னப்பட்சியைப் பார்த்தாலே தெரியும்’ என்னும் கூற்றை மீண்டும் நோக்க வேண்டியதாயிற்று. எதைப் பார்த்துத் தெரியும் என்று கேட்டபோது, முதியவர் ஒருவர் அன்னத்தின் கழுத்தைச் சுட்டி, அங்கு ஒரு ‘குத்து’ விட்டுப்போயிருக்கும் என்றார். பெரிதாக்கிப் பார்த்தபோது கழுத்து வளைவில் ஒரு படி இல்லாதது தெரிந்தது. அடுத்த அன்னத்திலும் அதே இடத்தில் அதே குறை. படத்தில் தெரிந்த எல்லா அன்னங்களிலும் அது இருந்தது.

நெசவுப் பிழைகளை மூன்றாகப் பகுக்கலாம். ஓரிடத்தில் மட்டும் வந்து மறையும் பிழை அந்நேரத்தில் நேர்ந்த கைத்தவறு. அதற்கு அடையாள மதிப்பு இல்லை. உருவின் ஒவ்வொரு மீளமைவிலும் ஒரே புள்ளியில் வரும் பிழை அட்டையில் துளை தவறியதால் நேர்வது. பாவின் போக்கில் நீளவாட்டில் கோடாக ஓடும் பிழை, குறிப்பிட்ட ஓர் இழையைத் தூக்க வேண்டிய கொக்கியோ கயிறோ தன் வேலையைச் செய்யாததால் நேர்வது.

அன்னத்தின் கழுத்துக் குறை இரண்டாம் வகை. இது மட்டும் தறியை அடையாளம் காட்டாது. ஏனெனில் பிழையுள்ள அட்டையைப் பார்த்து அடித்த மறுகோவையிலும் பிழை தொடரும். கோவையே வேறு தறிக்கும் போகலாம். ஆனால் இடப்பக்கக் கரையை நெருங்கிப் பார்த்தபோது, ருத்திராட்ச வரிசையின் ஊடே மயிரிழை போன்ற ஒரு கோடு படத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடியது. வலப்பக்கக் கரையில் அது இல்லை. இது மூன்றாம் வகை. இது ஒரு குறிப்பிட்ட தறியின் ஒரு குறிப்பிட்ட கயிற்றின் பழுது; பழுது சரிசெய்யப்படும் வரை மட்டுமே நீடிக்கக்கூடியது.

அக்குடும்பத்தினரிடம் ஒரு முழ நீளத்தில் ஒரு கரைத்துண்டு இருந்தது. புதிய அட்டைகளை ஏற்றியதும் உரு சரியாக விழுகிறதா என்று பார்க்க நெய்யப்பட்ட மாதிரித் துண்டு அது. பாட்டனாரின் கூலிப் புத்தகத்தோடு சேர்த்துச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அத்துண்டில் கரையின் நிறம் பச்சை. உரு அதே அன்னம். கழுத்தில் அதே படி இல்லை. இடப்பக்கக் கரையில், ருத்திராட்சத்தின் மையத்திலிருந்து அதே எண்ணிக்கையுள்ள இழைகளுக்கு அப்பால், அதே கோடு ஓடுகிறது.

அட்டைப் பிழை ஒன்று, கயிற்றுப் பிழை ஒன்று. இவ்விரண்டும் ஒரே இடங்களில் இரண்டு துணிகளிலும் அமைவது தற்செயலாக நேர்வதன்று. ஒரு பாவில் வழக்கமாக மூன்று சேலைகள் நெய்யப்படும். பாவின் நிறம் மாறியிருப்பதால் இவை இரண்டும் வெவ்வேறு பாவுகள். ஆனால் தறி ஒன்றே. கயிற்றின் பழுது நீடித்த அந்தக் காலப்பகுதியும் ஒன்றே. எனவே படத்திலுள்ள சேலை ஆரணியில், அவ்வீட்டுத் தறியில் நெய்யப்பட்டது என்னும் முடிவுக்கு வலுவான அடிப்படை கிடைக்கிறது.

இம்முடிவிற்கும் எல்லை உண்டு. மாதிரித் துண்டு அவ்வீட்டுத் தறியில் நெய்யப்பட்டது என்பதற்கு, அது அங்குப் பாதுகாக்கப்பட்ட விதமும் கூலிப் புத்தகமுமே சான்று. துண்டு வேறெங்கிருந்தோ வந்திருந்தால் முடிவு தளர்ந்துவிடும். எனவே படம் தனித்து நின்று இம்முடிவைத் தரவில்லை. ஊர் தெரிந்த வேறொரு துணியோடு ஒப்பிட்ட பிறகே தந்தது.

மூன்று ஊர்கள்

கூலிப் புத்தகத்தில் இன்னொரு செய்தியும் இருந்தது. பாவும் சரிகையும் கொடுத்தவர், சேலையைத் திரும்பப் பெற்றுக் கூலி தந்தவர் காஞ்சிபுரத்து வணிகர். பட்டியல் சேலையைக் காஞ்சிபுரத்தினது என்று எழுதியதும் இவ்வகையில் முழுப்பொய் ஆகாது. காஞ்சிபுரத்தில் திட்டமிடப்பட்டு, காஞ்சிபுர முறையில், காஞ்சிபுரத்தில் விற்பதற்காக, ஆரணியில் நெய்யப்பட்ட சேலை அது.

ஆகவே ‘இத்துணியின் ஊர் எது’ என்னும் ஒரு வினாவுக்குள் மூன்று வினாக்கள் உள்ளன. உருவும் முறையும் எவ்வூருக்கு உரியவை? நெய்த தறி எவ்வூரில் இருந்தது? விற்ற கடை எவ்வூரில் இருந்தது? படத்தின் பெரும்பாலான சான்றுகள் முதல் வினாவுக்கே விடை தருகின்றன. கடையின் முத்திரையும் பட்டியலின் குறிப்பும் மூன்றாவது வினாவுக்கு விடை தருகின்றன. இரண்டாவது வினாவுக்கு உரிய சான்றுதான் மிகக் குறைவு. நெய்தவரின் பெயர் சேலையில் எழுதப்படுவதில்லை என்பதே இதற்குக் காரணம். காஞ்சிபுரப் பட்டும் ஆரணிப் பட்டும் தனித்தனியே புவிசார் குறியீடு பெற்றுள்ள இன்று, முதல் வினாவின் விடையை இரண்டாவதன் விடையாக எழுதிவிட்டால், ஆரணித் தறியின் உழைப்பு வேறோர் ஊரின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

முடிவுரை

துணியின் படத்தைக் கொண்டு ஆராய்வோர் பின்பற்றத்தக்க வரிசை இந்த ஒரு சேலையிலிருந்தே கிடைக்கிறது. முதலில் வெறும் கரைத்தளத்தின் தூய்மையையும் பின்பக்கத்தையும் முந்தி தொடங்கும் இடத்தையும் பார்த்து நெசவு முறையைத் தீர்மானிக்க வேண்டும். நிறத்தைப் படத்துக்குள் ஒப்பிட்டு மட்டுமே பயன்படுத்த வேண்டும். அதிலிருந்து சாயத்தை ஊகிக்கக் கூடாது. உருவைக் காலத்துக்கும் கருவிக்கும் சான்றாகக் கொள்ளலாம். ஊருக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. இறுதியாக மீண்டும் மீண்டும் வரும் பிழைகளைக் குறித்துவைத்து, ஊர் உறுதியான துணிகளில் அவற்றைத் தேட வேண்டும்.

இத்தேடலுக்கு வேண்டியவை நெசவாளர் வீடுகளில் சுருட்டி வைக்கப்பட்டுள்ள மாதிரித் துண்டுகளும் கூலிப் புத்தகங்களும்தாம். தறி நின்றுபோன வீடுகளில் முதலில் குப்பைக்குப் போவனவும் அவையே. அவற்றை ஒரு முழக்கோலோடும் ஒரு வெள்ளைத் துணியோடும் வைத்து, இருபக்கமும் அருகிலிருந்து படமெடுத்து, வீட்டின் ஊரையும் எழுதி வைத்தால், எங்கோ ஒரு பட்டியலில் ஊர் மாறிக் கிடக்கும் சேலைகள் சிலவற்றையேனும் அவை நெய்யப்பட்ட தறிக்குத் திரும்ப அழைத்துவர முடியும்.